கொடியை எப்போது வெட்டுவது, குழந்தையை எங்கே கிடத்துவது?

பிரசவத் தேதி நெருங்கும் வீடுகளில் இந்த இரண்டு கேள்விகளும் இப்போது அடிக்கடி எழுகின்றன. ‘தொப்புள்கொடியை உடனே வெட்ட விடாதீங்க’ என்கிறது ஒரு வீடியோ. ‘வெட்டாம வெச்சிருந்தா குழந்தைக்கு மஞ்சள் காமாலை வரும்’ என்கிறார் பெரியம்மா. குழந்தை பிறந்ததும் அம்மாவின் வெறும் மார்பில் போடணும் என்று கர்ப்பகால வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பிரசவ நாளிலோ குழந்தையைத் துணியில் சுற்றி, முகத்தை மட்டும் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேட்டால், ‘உங்க கேஸ்ல முடியாதும்மா’ என்று பதில் வருகிறது.

உண்மையிலேயே முடியாத நிலைமைகள் உண்டு. ஆனால் ஏற்பாடு இல்லாததால் முடியாமல் போவதும் அதே ‘முடியாது’ என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அந்த முதல் சில நிமிடங்களில் குழந்தையின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம்

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் ரத்தம் குழந்தைக்குள் மட்டும் ஓடுவதில்லை. தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்குப் போய், ஆக்ஸிஜனையும் சத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. குழந்தை வெளியே வந்த அந்த நொடியில், இந்த ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் இருக்கும். அது அம்மாவின் ரத்தம் அல்ல, குழந்தையுடையது. பலருக்கு இந்த இடத்தில்தான் குழப்பம். ‘அம்மாவின் ரத்தம் குழந்தைக்கு ஏறுமே, அது நல்லதா?’ என்று கேட்பார்கள். இங்கே நடப்பது அப்படி இல்லை. வெளியே போயிருந்த தன் ரத்தத்தைக் குழந்தை திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கொடியை இறுக்கி அடைக்கும் கவ்வியான கிளாம்ப்பைப் போடாமல் விட்டால், நிறைமாதக் குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்தில் சுமார் 100 மில்லி வந்து சேர்கிறது. அருகில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பிறந்தவுடன் கொடி பருமனாக, நீலம் பாரித்து, முறுக்கிய கயிறுபோல விறைத்திருக்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் இரு விரலால் மெல்லப் பிடித்தால் குழந்தையின் நாடி துடிப்பது தெரியும். சில நிமிடங்களில் அது வெளுத்து, தட்டையாகி, துவண்டுவிடும்.

இந்த 80 மில்லியின் மதிப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த குழந்தையின் 100 மில்லி ரத்தத்தில் 16 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 80 மில்லியில் கிட்டத்தட்ட 13 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக, அந்த ஒரு நிமிடத்தில் குழந்தைக்குள் போவது சுமார் 44 மில்லிகிராம் இரும்பு. 3 கிலோ குழந்தை பிறக்கும்போது உடம்பில் வைத்திருக்கும் மொத்த இரும்பே ஏறக்குறைய 225 மில்லிகிராம்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த ஒரு நிமிடம் கூடுதலாகத் தருகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. முதல் ஆறு மாதம் குழந்தை பெரும்பாலும் தன் கையிருப்பில்தான் ஓட்டுகிறது. எனவே இது சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் கையிருப்பு குறைவாகத் தொடங்கும் குழந்தை அந்தக் கூட்டத்தில் சீக்கிரம் சேர்ந்துவிடும்.

இரும்பைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மூச்சு சம்பந்தப்பட்டது. முதல் மூச்சுக்கு முன் நுரையீரலுக்குள் ரத்தம் கொஞ்சம்தான் போகும். இதயத்தின் இடதுபக்கத்துக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தொப்புள்கொடிதான் கொண்டுவருகிறது. குழந்தை மூச்சு விடத் தொடங்கியதும் நுரையீரல் திறந்து, அங்கிருந்து இதயத்துக்கு ரத்தம் வர ஆரம்பிக்கிறது. மூச்சு தொடங்கும் முன்பே கொடியை அடைத்துவிட்டால், பழைய வழி மூடிவிடுகிறது, புதிய வழி இன்னும் திறக்கவில்லை. இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து துடிப்பு விழுகிறது. மெல்போர்னில் குறைமாத ஆட்டுக்குட்டிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நுரையீரலுக்குக் காற்று கொடுத்த பிறகு கொடியை அடைத்த குட்டிகளுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை.

## ஆய்வுகள் என்ன சொல்கின்றன

காத்திருப்பதன் பலன் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி இல்லை. நிறைமாதத்தையும் குறைமாதத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

1. நிறைமாதக் குழந்தைகள். ஸ்வீடனில் 400 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. பத்து நொடிக்குள் கிளாம்ப் போட்ட குழந்தைகளில் நான்கு மாதத்தில் 5.7 சதவீதம் பேருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தது. மூன்று நிமிடம் காத்திருந்த குழந்தைகளில் 0.6 சதவீதம்தான். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நான்கு மாதத்தில் ஹீமோகுளோபின் அளவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் சேமிப்பில்தான். அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை நான்கு வயதில் பார்த்தபோது, காத்திருந்த தரப்பில் விரல்களைக் கையாளும் நுண்திறனும் பிறரோடு பழகும் திறனும் சற்று மேலாக இருந்தன, குறிப்பாக ஆண் குழந்தைகளிடம். நுண்ணறிவு மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. ‘கொடியைத் தாமதமாக வெட்டினால் குழந்தை புத்திசாலியாகும்’ என்று பரவும் செய்திக்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

ரத்தசோகை மிகுந்த நாட்டில் என்ன ஆகும்? நேபாளத்தின் காட்மாண்டுவில் 540 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வந்தது. எட்டு மாதத்தில் ரத்தசோகை, சீக்கிரம் கிளாம்ப் போட்டவர்களில் 82 சதவீதம், மூன்று நிமிடம் காத்திருந்தவர்களில் 73 சதவீதம். நம் நிலைமைக்கு நெருக்கமான எண்கள் இவைதான். பலன் நிச்சயம் இருக்கிறது. அதே சமயம், காத்திருந்தும் 73 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பதையும் கவனிக்க வேண்டும். எட்டு மாதத்தில் குழந்தைக்கு ஊட்டும் இணை உணவின் பங்கைக் கொடி ஈடுசெய்துவிடாது.

2. குறைமாதக் குழந்தைகள். இங்கே பேச்சு உயிரைப் பற்றியது. 37 வாரத்துக்கு முன் பிறந்த 3,260 குழந்தைகளின் தரவை, 20 ஆய்வுகளிலிருந்து ஒவ்வொரு குழந்தையாகத் திரட்டி ஆராய்ந்த தொகுப்பு 2023-ல் வெளியானது. உடனே கிளாம்ப் போட்ட தரப்பில், மருத்துவமனையை விட்டுப் போவதற்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். காத்திருந்த தரப்பில் ஆறு பேர். செலவில்லாத, கருவி தேவைப்படாத ஒரு செயலுக்கு இது பெரிய பலன். பல காலமாக நாம் மிகவும் அவசரப்பட்டுக் கொடியை வெட்டியது இந்தக் குழந்தைகளுக்குத்தான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

காத்திருக்காமல் கொடியைப் பிழிந்து ரத்தத்தைக் குழந்தைக்குள் தள்ளிவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்ற யோசனையும் இருந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அது ஆபத்து. 2019-ல் வெளியான ஆய்வில், 23 முதல் 27 வாரத்தில் பிறந்து கொடி பிழியப்பட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு மூளைக்குள் கடுமையான ரத்தக்கசிவு ஏற்பட்டது. காத்திருந்த தரப்பில் 6 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அவ்வளவு மெல்லிய ரத்தக்குழாய்களுக்குள் ரத்தம் தானாக மெதுவாக ஏற வேண்டும், தள்ளக் கூடாது.

3. மஞ்சள் காமாலை பயம். பெரியம்மா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சிவப்பணுக்கள் கூடினால் அவை உடையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் கூடும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு நிறைமாதக் குழந்தைகள் பற்றி 2013-ல் வெளியிட்ட தொகுப்பில், நீல விளக்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் உடனே வெட்டிய தரப்பில் 2.7 சதவீதம், காத்திருந்த தரப்பில் 4.4 சதவீதம். நூறு குழந்தைக்கு ஒன்றோ இரண்டோ கூடுதல். எனவே காத்திருக்கும் மருத்துவமனையில் மஞ்சள் காமாலையைப் பரிசோதிக்கவும் விளக்கில் வைக்கவும் வசதி இருக்க வேண்டும். மூன்றாம் நாள் மறுபார்வைக்கு வரச் சொன்னால் கட்டாயம் போக வேண்டும். அம்மாவுக்கு ரத்தப்போக்கு கூடுமோ என்ற பயத்துக்கு அந்தத் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை. கர்ப்பப்பை சுருங்குவதற்கான ஆக்ஸிடோசின் ஊசியைக் காத்திருக்கும் நேரத்திலேயே போட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஒரு நிமிடம், பொதுவாக ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. நஞ்சுக்கொடியை நாள் கணக்கில் குழந்தையோடு ஒட்டியே வைத்திருக்கும் ‘லோட்டஸ் பர்த்’ இதிலிருந்து முற்றிலும் வேறு. சில நிமிடங்களுக்குப் பிறகு கொடியில் ரத்தமே ஓடுவதில்லை. அழுகும் சதையிலிருந்து தொற்று வரலாம்.

## எப்போது காத்திருக்கக் கூடாது

பட்டியல் சின்னது. ஆனால் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

1. கொடியோ நஞ்சுக்கொடியோ கிழிந்து ரத்தம் வெளியேறும்போது. நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்ட நிலையும் இதில் அடங்கும். அங்கே குழந்தைக்கு ரத்தம் வந்து சேர்வதற்குப் பதிலாகக் குழந்தையிடமிருந்து போய்க்கொண்டிருக்கலாம்.
2. அம்மாவுக்குக் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும்போது. மருத்துவக் குழுவின் கைகள் அத்தனையும் அங்கே தேவை.
3. துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டியும் குழந்தை மூச்சு விடாதபோது. கொடி ஒட்டியிருக்கும்போதே பக்கத்தில் வைத்துக் காற்று கொடுக்கும் வசதியும் பயிற்சியும் சில மருத்துவமனைகளில்தான் உண்டு. அது இல்லாத இடத்தில் கொடியை வெட்டி, முதல் நிமிடம் முடிவதற்குள் பை-மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்பதே சரி. ரத்தத்தைவிட மூச்சு முதல்.
4. ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையர் விஷயத்தில். முதல் குழந்தையின் கொடி திறந்திருந்தால், உள்ளே இருக்கும் இரண்டாவது குழந்தையின் ரத்தம் இடம் மாற வாய்ப்பு உண்டு என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள்.

இதற்கு வெளியே, ‘முடியாது’ என்பதற்குக் காரணமாகச் சொல்லப்படும் பலவும் காரணங்களே அல்ல. சிசேரியன் ஒரு காரணம் அல்ல. நிறைமாதத்தில் திட்டமிட்டுச் செய்த சிசேரியன்களில் ஒரு நிமிடம் காத்திருந்ததால் அம்மாவின் ரத்த இழப்பு கூடவில்லை என்று 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தாலும் பெரும்பாலும் தளர்த்திக் கழற்றிவிடலாம். அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் காத்திருக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தையை அம்மாவின் வயிற்றில் போட்டால் ரத்தம் கீழே திரும்பி ஓடிவிடும் என்ற பழைய கருத்தும் நிற்கவில்லை. அர்ஜென்டினாவில் குழந்தையைத் தாழ்வாகப் பிடித்தும் அம்மாவின் வயிற்றில் வைத்தும் எடை போட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை என்று 2014-ல் வெளியிட்டார்கள். நம் இரண்டு விஷயங்களையும் ஒன்றாகச் செய்ய வழிவிட்டது இந்த ஆய்வுதான்.

தொப்புள்கொடி ரத்த வங்கிக்குப் பணம் கட்டியவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பையில் சேகரிக்கும் ரத்தமும் குழந்தைக்குப் போக வேண்டிய ரத்தமும் ஒன்றேதான். பை நிறைய வேண்டும் என்பதற்காகக் கிளாம்ப் போடும் நேரத்தை மாற்றக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டிருந்தாலும், முதலில் குழந்தைக்கு, மிச்சம் பைக்கு என்று மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

## மார்போடு மார்பு

இனி இரண்டாவது விஷயம். கொடியில் பேச்சு ரத்தத்தைப் பற்றியது என்றால், இங்கே சூட்டைப் பற்றியது. 37 டிகிரி வெந்நீர்போன்ற இடத்திலிருந்து நனைந்த உடம்போடு குழந்தை வெளியே வருகிறது. ஏசி ஓடும் அறையில் அந்த ஈரம் காயும்போதே உடம்பின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகும். சூடு குறைந்தால் குழந்தை தன் சர்க்கரையை எரித்துச் சமாளிக்கும். சர்க்கரை தீர்ந்தால் மூச்சு தடுமாறும். அதனால்தான் பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஏசியை அதற்கும் கீழே இறக்கிவைப்பது டாக்டருக்கும் நர்சுக்கும் சுகம். குழந்தைக்கு அது குளிர்காலம்.

செய்முறை எளிது. குழந்தையை உடை எதுவும் இல்லாமல் அம்மாவின் வெறும் மார்பில் குப்புறக் கிடத்துகிறார்கள். தலையையும் முதுகையும் துடைத்து, ஈரத் துணியை எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் முதுகை மூடி, தலைக்குக் குல்லா போடுகிறார்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவைத் தேய்த்து எடுப்பதில்லை. குளிப்பாட்டுவது, எடை போடுவது, ஊசி போடுவது எல்லாம் ஒரு மணி நேரம் கழித்து. இடையில் குழந்தை கொஞ்சம் ஓய்வெடுக்கும், கையை வாயில் வைக்கும், காலால் உந்தி முலைக்காம்பைத் தேடி நகரும். அவசரப்படுத்தாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் அந்த முதல் மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

நிறைமாதக் குழந்தைகளுக்கு இதனால் கிடைக்கும் பலன் பற்றி 2016-ம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, 46 ஆய்வுகளையும் 3,850 தாய்-சேய் இணைகளையும் ஆராய்ந்தது. மார்போடு வைத்த குழந்தைகள் ஒன்று முதல் நான்கு மாதத்தில் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்க 24 சதவீதம் அதிக வாய்ப்பு. ரத்தச் சர்க்கரை 100 மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் அதிகம். இது உறுதியான, ஆனால் அளவான பலன். நிறைமாதத்தில் நல்லபடியாகப் பிறந்த குழந்தையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்ததால் உயிருக்கு ஆபத்து என்று யாரும் நிரூபிக்கவில்லை. தவறவிட்ட அம்மாக்கள் குற்ற உணர்வில் தவிக்க வேண்டியதில்லை.

எடை குறைந்த குழந்தைகளின் கதை அப்படி இல்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்த மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளை அம்மாவின் மார்பிலேயே கட்டிவைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு தாய் பராமரிப்பு. ஆனால் ஒரு நிபந்தனை நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது: குழந்தை முதலில் நிலைப்பட வேண்டும், அப்புறம்தான் மார்பு. நிலைப்பட மூன்று நாள், ஐந்து நாள் ஆகும். எடை குறைந்த குழந்தைகள் அதிகம் இறப்பதும் அந்த நாட்களில்தான்.

அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தது 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். இந்தியாவில் நடந்த இடம் டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குச் சற்றுக் குறைவுவரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு தரப்பினரை இன்குபேட்டரிலோ வார்மரிலோ வைத்து நிலைப்பட்ட பிறகு அம்மாவிடம் கொடுத்தார்கள். மறு தரப்பினரைப் பிறந்தது முதலே மார்பில் வைத்தார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாளுக்குச் சராசரியாக 17 மணி நேரம். 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் தரப்பில் 15.7 சதவீதம், இரண்டாம் தரப்பில் 12 சதவீதம். உடல் குளிர்தலும் தொற்று சந்தேகமும்கூடக் குறைந்தன. இதற்கு மேலும் ஒரு தரப்புக்கு இந்தப் பராமரிப்பைத் தராமல் இருப்பது சரியல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலையும் மாற்றியது: எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்.

இந்த முடிவை இங்கே கொண்டுவர என்ன தடை? என் பார்வையில் மருத்துவத் தடையைவிடக் கட்டடத் தடைதான் பெரிது. அந்த ஆய்வுக்காக, அம்மாவின் கட்டிலும் குழந்தையின் சிகிச்சைக் கருவியும் ஒரே அறையில் இருக்கும் தாய்-சேய் தீவிர சிகிச்சைப் பிரிவை உருவாக்கினார்கள். நம் பெரும்பாலான மருத்துவமனைகளில் குழந்தை ஒரு மாடியில், அம்மா இன்னொரு மாடியில். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் அம்மா சக்கர நாற்காலியில் வருவார். அந்த அமைப்பில் 17 மணி நேரம் நடக்காது.

## மார்பில் வைக்க முடியாத நேரமும் கவனமும்

சிபாப் எனப்படும் மூக்குவழிக் காற்றழுத்தம் வைத்திருந்தாலும், சலைன் ஏறிக்கொண்டிருந்தாலும் குழந்தையை மார்பில் வைக்கலாம். சிபாப் கொடுத்தும் தானாக மூச்சு விட முடியாமல் வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தையை, அதிர்ச்சி நிலையில் ரத்த ஓட்டம் சரிந்த குழந்தையை முதலில் காப்பாற்ற வேண்டும். அம்மா முழு மயக்கத்தில் இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ அவர் மார்பில் வைக்கக் கூடாது. அப்போது அப்பாவோ பாட்டியோ சட்டையைக் கழற்றி ஏந்திக்கொள்ளலாம்.

நல்லபடியாகப் பிறந்த குழந்தைக்கும் ஓர் ஆபத்து உண்டு. அரிதானது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் மார்பில் கிடக்கும் குழந்தை சத்தமின்றி மூச்சடங்கிப் போகலாம். பெரும்பாலும் மூக்கு அம்மாவின் மார்பில் அழுந்தியிருக்கும், அம்மா களைப்பில் கண்ணயர்ந்திருப்பார், அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எனவே குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும். தலை ஒருபுறம் திரும்பி, கழுத்து நேராக, மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும். அம்மா படுக்கையில் சற்றுச் சாய்ந்த நிலையில் இருப்பது நல்லது, மல்லாந்து தட்டையாகப் படுப்பது அல்ல. உதடு சிவந்திருக்கிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா, கையைத் தூக்கினால் மடக்குகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை துவண்டு விழுந்தாலோ உதடு நீலமானாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். கூட இருப்பவர் போட்டோ அனுப்புவதில் மூழ்கிவிட்டால் இந்தக் காவல் நடக்காது.

## ஒரு பிரசவத்தைப் படிப்படியாகப் பார்த்தால்

33 வாரம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மிகவும் ஏறிவிட்டது, சிசேரியன் செய்ய முடிவாகிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்கிறார்கள், அம்மா விழித்திருக்கிறார். குழந்தை சுமார் 1,650 கிராம் இருக்கும். பழைய வழக்கப்படி இங்கே எல்லாமே ‘முடியாது’ பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால் இப்படி நடக்க முடியும்:

1. அறுவைக்கு முன்பே தியேட்டரில் ஏசியின் குளிரைக் குறைக்கிறார்கள். யார் நேரத்தைச் சொல்வது என்பதை முடிவு செய்கிறார்கள்.
2. குழந்தை வெளியே வந்ததும் அம்மாவின் தொடைமேல் விரித்த சூடான கிருமிநீக்கிய துணியில் கிடத்துகிறார்கள். ஒருவர் துடைத்து முதுகைத் தேய்க்கிறார். நர்ஸ் ‘பதினஞ்சு... முப்பது...’ என்று நொடியை உரக்கச் சொல்கிறார். இந்தக் குரல் இல்லாவிட்டால் இருபது நொடியே ஒரு நிமிடம்போலத் தோன்றி, கத்தரி எழுந்துவிடும்.
3. இருபதாவது நொடியில் குழந்தை அழுகிறது. அறுபதாவது நொடியில் கிளாம்ப். அரை நிமிடம் தாண்டியும் மூச்சே எடுக்கவில்லை என்றால், அங்கேயே வெட்டி வார்மருக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.
4. வார்மரில் குல்லா, வலது மணிக்கட்டில் ஆக்ஸிஜன் அளக்கும் பட்டை. மூச்சில் முனகல் கேட்கிறது, சிபாப் வைக்கிறார்கள். அம்மாவுக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் ஏறுகிறது, கண் செருகுகிறது.
5. பக்கத்து அறையில் பாட்டி மேலாடையைத் தளர்த்திச் சாய்ந்து அமர்கிறார். குழந்தையை டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, சிபாப் குழாயோடு மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தவளைபோலக் காலை மடக்கி, நீளத் துணியால் கட்டுகிறார்கள். துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குச் சற்றுக் கீழே.
6. சில மணி நேரத்தில் அம்மா தெளிந்ததும் குழந்தை அவர் மார்புக்கு மாறுகிறது. மெக்னீசியம் தூக்கம் வரவைக்கும் என்பதால், யாராவது ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறார்.

இதில் புதிய கருவி எதுவும் இல்லை. பாட்டியை உள்ளே விட ஓர் அனுமதி, ஒரு சாய்வு நாற்காலி, நேரத்தைச் சொல்ல ஒரு குரல், இவ்வளவுதான் கூடுதல். தமிழ்நாட்டில் 2019–21 கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ‘சிசேரியனில் முடியாது’ என்று ஏற்றுக்கொண்டால், ஏறக்குறைய பாதிக் குழந்தைகளை விட்டுவிட்டதாக ஆகும்.

## தவறிப்போயிருந்தால்

கொடியை உடனே வெட்ட நேர்ந்திருந்தால் அதைத் திரும்பச் செய்ய முடியாது. குழந்தைநல மருத்துவரிடம் ‘பிறந்ததும் உடனே கிளாம்ப் போட்டாங்க’ என்று சொல்லிவையுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்தை எப்போது, எவ்வளவு தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய இது உதவும். நிறைமாதக் குழந்தை என்றால், ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கும்போது இரும்புச்சத்தைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மார்போடு வைப்பதற்குக் கெடு இல்லை. அம்மா ஐ.சி.யூ.வில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாலும், நான்காம் நாள் வைக்கலாம். எடை குறைந்த குழந்தைக்கு வீட்டிலும் தொடரலாம். ஹரியானாவில் 1.5 முதல் 2.25 கிலோ எடையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே கங்காரு பராமரிப்பு செய்யக் கற்றுக்கொடுத்த குடும்பங்களில் முதல் மாத இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. அங்கே கருவி என்று இருந்தது ஒரு துணியும், வேலையைப் பகிர்ந்துகொண்ட வீட்டு மனிதர்களும்தான். குழந்தை தானாக நெளிந்து, கை காலை உதைத்து வெளியே வரப் பார்க்கும்வரை இதைச் செய்யலாம். பெரும்பாலும் 2.5 கிலோவை நெருங்கும்போது குழந்தையே போதும் என்று காட்டிவிடும்.